புழுவெட்டு: பூண்டு, ஊசி, பழனி மொட்டை பற்றி மலையில் கேட்கும் கேள்விகள்

கொடைக்கானலில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி, பண்ணைக்காடு என்று சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து வருகிறவர்கள் கம்பளிக் குல்லாவைக் கழற்றிக்கொண்டே கேட்கும் கேள்விகள் இவை. தலைமுடி வட்ட வட்டமாக உதிரும் இந்த நோய்க்கு ஆங்கில மருத்துவத்தில் அலோபீசியா ஏரியேட்டா என்று பெயர். நம் ஊர்ப் பெயர் புழுவெட்டு. நானும் அப்படியே சொல்கிறேன்.

"டாக்டரம்மா, நேற்று வரை ஒன்றும் இல்லை. இன்று சலூனில் பார்த்தால் வட்டமாகச் சொட்டை. தூங்கும்போது ஏதாவது பூச்சி வெட்டியிருக்குமா?"

எந்தப் பூச்சிக்கும் இதில் பங்கில்லை. பெயரில்தான் புழு இருக்கிறது.

நடப்பது இதுதான். ஒவ்வொரு முடிக்கும் தோலுக்கடியில் ஒரு குமிழ் உண்டு. முடி உற்பத்தியாவது அங்கேதான். உடலின் எதிர்ப்புச் சக்தி அந்தக் குமிழை வழக்கமாகக் கண்டுகொள்வதில்லை. அது மறைவாக இருக்கும்படியே இயற்கை வைத்திருக்கிறது. ஏதோ ஒரு கட்டத்தில் அந்த மறைப்பு விலகிவிட்டால், ரத்த வெள்ளையணுக்கள் குமிழை அந்நியப் பொருளாக எண்ணி மொய்த்துக்கொள்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் தேனீக் கூட்டம் அப்பியது போலவே இருக்கும். குமிழ் திணறிப்போய் வேலையை நிறுத்துகிறது, முடி மெலிந்து உதிர்கிறது.

உதிர்வது சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை நடக்கும். ஒரே இரவில் நடந்தது போலத் தோன்றுவதற்குக் காரணம், பெரும்பாலும் தலையின் பின்பக்கம் வருவதுதான். அதிலும் நம் மலையில் வருடத்தில் பாதி நாள் குல்லா தலையிலேயே இருக்கிறது. தீபாவளிக்கு முடி வெட்டப் போகும்போதுதான் கடைக்காரர் கண்ணில் படும். குல்லாவால் வந்தது, குளிரால் வந்தது, உப்புத் தண்ணீரால் வந்தது என்று சொல்வார்கள். மூன்றும் இல்லை. குல்லா மறைத்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மற்ற பதில்களுக்கு இதுவே அடிப்படை. வெள்ளையணுக்கள் தாக்குவது அடியிலுள்ள குமிழை. முடியை மறுபடி உருவாக்கும் மூல அணுக்கள் அதற்குச் சற்று மேலே இருக்கின்றன, அவற்றுக்குச் சேதமில்லை. பூம்பாறையில் ஒருவரிடம் இதை விளக்கியபோது அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார்: "உறைபனியில் உருளைச் செடியின் தழை கருகிப்போகும், மண்ணுக்குள் கிழங்கு இருக்கும், அப்படித்தானே?" அப்படித்தான். அதனால்தான் பல வருடம் கழித்தும்கூட முடி திரும்ப வர வாய்ப்பிருக்கிறது.

"என் மகனுக்கு எட்டு வயது. பள்ளியில் டீச்சர் படர்தாமரை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எப்படித் தெரிந்துகொள்வது?"

டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தைகளுக்குத் தலையில் பூஞ்சைத் தொற்று வருவது சகஜம், அது ஒட்டும். புழுவெட்டு ஒட்டாது. சீப்பு, துண்டு, சலூன் கத்தி எதனாலும் பரவாது.

வெளிச்சத்தில் உட்கார வைத்து விரலால் தடவிப் பாருங்கள். புழுவெட்டு வந்த இடம் வழவழவென்று, குழந்தையின் கன்னம் போல இருக்கும். செதில் இருக்காது, அரிப்பு அநேகமாக இருக்காது. பூஞ்சையாக இருந்தால் செதில் உதிரும், முடிகள் ஒடிந்து கட்டை கட்டையாக நிற்கும், சில நேரம் சீழ் கோத்துக்கொள்ளும், கழுத்தின் பின்புறம் நெறி கட்டும்.

நான் தேடும் அடையாளம் சொட்டையின் ஓரத்தில் இருக்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் சில குட்டை முடிகள் நிற்கும். நுனி தடிப்பாகவும் தோலோடு சேரும் அடிப்பகுதி மெலிந்தும் இருக்கும். ஆச்சரியக்குறியைப் போன்ற தோற்றம், அதனால் பெயரும் ஆச்சரியக்குறி முடிதான். அவை இருந்தால் அது புழுவெட்டு, அதுவும் இன்னும் பரவும் வேகத்தில் இருக்கிறது என்று பொருள்.

சந்தேகம் வந்தால் செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்போம். பூஞ்சை என்றால் சில வாரம் மாத்திரை விழுங்கித்தான் ஆக வேண்டும். தலைப் பூஞ்சைக்கு வெறும் களிம்பு எட்டாது. மருந்துக் கடையில் "எல்லாவற்றுக்கும் கேட்கும்" என்று தரும் கலப்புக் களிம்பை மட்டும் தடவிவிட்டு வராதீர்கள். அதிலிருக்கும் ஸ்டீராய்டு பூஞ்சையின் அடையாளங்களை அழித்துவிடும், பூஞ்சையோ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். வந்தது எது என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்கும் தலை சுற்றும்.

"சின்ன வெங்காயம், பூண்டு தேய்த்தால் வரும் என்கிறார்களே. எங்கள் தோட்டத்திலேயே மலைப்பூண்டு இருக்கிறது."

இருக்கிறது, அதுதான் சிக்கல். கொடைக்கானல் மலைப்பூண்டின் காரம் சமையலில் எவ்வளவு பெருமையோ, தலைத் தோலில் அவ்வளவு ஆபத்து.

பூண்டு விவசாயம் செய்யும் 26 வயது இளைஞர் ஒருவர் போன வருடம் நவம்பரில் வந்தார். பிடரிக்குச் சற்று மேலே பத்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு சொட்டை, காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவில் இன்னொன்று. பாட்டி சொன்னபடி பூண்டை நசுக்கி, சொட்டையில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு மூன்று இரவு தூங்கியிருக்கிறார். பெரிய சொட்டை முழுவதும் கொப்புளம். வெந்நீர் கொட்டியது போலத் தோல் உரிந்திருந்தது. புழுவெட்டுக்கு மருந்து ஆரம்பிக்கும் முன் அந்தப் புண்ணை ஆற்றவே எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஆழமாக வெந்து தழும்பாகியிருந்தால் அந்த இடத்தில் முடியே வராமல் போயிருக்கும். நோய் விட்டுவைத்த மூல அணுக்களைப் பூண்டு முடித்திருக்கும்.

வெங்காயச் சாற்றுக்கு ஓர் ஆய்வு உண்டு. 2002-இல் ஈராக் மருத்துவர்கள் வெளியிட்டது. சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி வந்ததாகச் சொன்னார்கள். எண்ணிக்கை மிகச் சிறியது, அதை வைத்து யாருக்கும் நான் எழுதித்தர மாட்டேன். எரியாத அளவுக்குத் தடவிக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால் சண்டை போடவும் மாட்டேன். குன்றிமணி அரைத்துப் பூசுகிறேன் என்றால் மட்டும் சண்டைதான். அது விஷம்.

"எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?"

ஒன்றிரண்டு சிறு சொட்டைகள் மட்டும் இருந்தால், ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முடி வந்துவிடும்.

இந்த ஒரு விஷயம்தான் புழுவெட்டைச் சுற்றியுள்ள அத்தனை வைத்தியங்களையும் வாழவைக்கிறது. வெங்காயம் தேய்த்தவர், பல்லி எச்சம் பட்டது என்று மந்திரித்தவர், விலை உயர்ந்த எண்ணெய் வாங்கியவர், என்னிடம் வந்தவர் என்று எல்லோரிலும் ஒரு பங்குக்குத் தானாகவே வரும். வந்ததும் கடைசியாகத் தடவியதற்குப் பெயர் போய்ச் சேரும். என் ஊசிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆகவே காத்திருப்பதும் ஒரு வைத்தியமே. ஆனால் கணக்கோடு காத்திருக்க வேண்டும். சொட்டையின் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயத்தைப் பிடித்து, அதே வெளிச்சத்தில், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். எனக்கு அதுவே அளவுகோல். சொட்டை பெரிதாகாமல் மூன்று மாதம் நின்றால் பொறுத்துப் பார்க்கலாம். புதுச் சொட்டை முளைத்தாலோ, புருவமோ இமையோ உதிர ஆரம்பித்தாலோ, நகங்களில் ஊசியால் குத்தியது போலச் சிறு குழிகள் வரிசையாகத் தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

பிடரியிலிருந்து இரண்டு காதுக்கும் மேலாகப் பாம்பு சுற்றியது போல முடி உதிர்வது ஒரு வகை. கிரேக்கர்கள் பாம்பின் பெயரையே வைத்து அதை ஓஃபியாசிஸ் என்றார்கள். அது பிடிவாதமானது. சிறு வயதிலேயே தொடங்குவதும் அப்படித்தான். மொத்தத் தலையும் வெறுமையாகும் நிலைக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். பயந்து வருகிறவர்கள் எல்லோரும் தங்களை அந்த ஐந்தில் சேர்த்துக்கொண்டே வருகிறார்கள்.

"தலையில் ஊசி போடுவார்கள் என்கிறார்கள். எத்தனை ஊசி? வலிக்குமா?"

வலிக்கும். எறும்பு கடித்தது போல, திரும்பத் திரும்ப. இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். முன்பே அரை மணி நேரம் மரத்துப்போகும் களிம்பு தடவி உட்கார வைத்தால் பாதி குறையும்.

மருந்தின் பெயர் டிரையாம்சினலோன், ஒரு ஸ்டீராய்டு. குமிழை மொய்த்திருக்கும் வெள்ளையணுக்களை அந்த இடத்திலேயே அடக்குவதுதான் அதன் வேலை. அந்தப் பூண்டு விவசாயிக்குப் போட்டதை அப்படியே சொல்கிறேன், கணக்கு புரியும். மருந்து குப்பியில் மில்லிக்கு 40 மில்லிகிராம் என்ற அடர்த்தியில் இருந்தது. ஒரு பங்கு மருந்துக்கு ஏழு பங்கு சலைன் சேர்த்தால் மில்லிக்கு 5 மில்லிகிராம் ஆகிறது. தலைக்கு அது போதும். புருவம், தாடி என்றால் அதிலும் பாதி அடர்த்திதான். மெல்லிய ஊசியால் தோலின் நடு அடுக்கில், ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, புள்ளிக்கு 0.1 மில்லி. பெரிய சொட்டைக்கு ஏழு புள்ளி, சின்னதற்கு நான்கு. மொத்தம் 1.1 மில்லி, அதாவது ஐந்தரை மில்லிகிராம். ஒரே அமர்வில் 20 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை என்பது என் வழக்கம். அவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. "ஸ்டீராய்டு உடம்பைக் கெடுக்காதா?" என்று அவருடைய அம்மா கேட்டார். இந்த அளவு அங்கேயே நின்று வேலை செய்கிறது, உடம்பு முழுவதும் போய்ச் சேருவது சொற்பம் என்றேன்.

நவம்பர் கடைசியில் முதல் ஊசி. புண் முழுவதும் ஆறிய பிறகுதான் போட்டேன். ஆறு வாரம் கழித்து, ஜனவரி உறைபனிக் காலத்தில், இரண்டாவது முறைக்கு வந்தபோது "ஒன்றும் வரவில்லை" என்றார். லென்ஸ் வைத்துக் காட்டினேன்: ஊசி போட்ட புள்ளிகளைச் சுற்றிப் பூனை மயிர் போல வெள்ளையாக முளைத்திருந்தது. ஓரத்தில் ஆச்சரியக்குறி முடிகள் காணாமல் போயிருந்தன. எனக்கு அந்த இரண்டாவது செய்திதான் முக்கியம், பரவல் நின்றுவிட்டது. பிப்ரவரியில் மூன்றாவது முறை. ஏப்ரலில் சின்னச் சொட்டை இருந்த இடமே தெரியவில்லை, பெரியதில் ஓரமாகக் கொஞ்சம் பாக்கி இருந்தது.

தவறு எங்கே நேரும் என்றால் அடர்த்தியிலும் ஆழத்திலும். அளவு கூடினாலோ, ஊசி மேலாக நின்றுவிட்டாலோ, அந்த இடம் குழிந்து போகும். அவருக்கும் ஒரு புள்ளியில் சின்னப் பள்ளம் விழுந்தது, என் கைப்பிசகு. அந்தப் புள்ளியை அடுத்த முறை விட்டுவிட்டேன், சில மாதத்தில் நிரவிக்கொண்டது. ஆறு மாதம் போட்டும் அசைவே இல்லை என்றால் மேலும் குத்துவதில் பயனில்லை. வேறு வழி பார்க்க வேண்டும்.

"மாதா மாதம் ஆஸ்பத்திரிக்கு வர முடியாது. பஸ்ஸே இரண்டு தடவைதான். களிம்பு போதாதா?"

போதும் என்று சொல்ல ஆசைதான். களிம்பு தோலுக்குள் குமிழின் ஆழம் வரை சரியாக இறங்குவதில்லை, அதனால் ஊசியைவிட மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனாலும் ஊசிக்குப் பயப்படும் சிறுவர்களுக்கு முதலில் அதைத்தான் தருகிறேன். க்ளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு, சொட்டையிலும் அதன் ஓரத்தில் ஒரு விரல் அகலத்திலும் மட்டும், மெல்லியதாக. ஆறு வாரம் பூசி, ஆறு வாரம் நிறுத்தி, மறுபடி தொடங்க வேண்டும். விடாமல் பூசினால் தோல் காகிதம் போல மெலியும், நெற்றியில் வழிந்தால் பருக்கள் வரும்.

மினாக்சிடில் தைலம் இந்த நோயை அடக்காது. வரத் தொடங்கிய முடிக்குச் சற்று வேகம் கொடுக்கும், அதுவே அதன் எல்லை. ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவில் தடவிக்கொள்ளச் சொல்வேன்.

இடைவெளி ஆறு வாரம் ஆனாலும் நஷ்டமில்லை. மழையில் பாதையில் மண் சரிந்து ஒரு முறை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதும் இல்லை.

"முடி வந்தது, ஆனால் வெள்ளையாக வருகிறது. எனக்கு வயது முப்பதுதான்."

நல்ல செய்தி அது. குமிழ் முதலில் முடியை உற்பத்தி செய்யத் தொடங்குகிறது, நிறம் சேர்ப்பது பிறகுதான் திரும்புகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதத்தில் கறுத்துவிடும். அதுவரை சாயம் பூச வேண்டாம். எங்கே எவ்வளவு வந்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

இந்த நோய் கறுப்பு முடியைத்தான் முதலில் குறிவைக்கும், நரைத்ததை அநேகமாக விட்டுவிடும். நரையும் கறுப்பும் கலந்த தலையில் வேகமாக வந்தால் கறுப்பெல்லாம் உதிர்ந்து நரை மட்டும் மிஞ்சும். ஒரே வாரத்தில் தலை நரைத்துவிட்டது என்று ஊரில் சொல்லும் கதைகளில் சில இப்படி நடந்தவையாக இருக்கலாம்.

"பழனிக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறோம். போட்டால் சரியாகுமா?"

மழிப்பது தோலுக்கு மேலே நடப்பது. நோய் கீழே இருக்கிறது. மழித்தால் அடர்த்தியாக வளரும் என்பதும் உண்மையில்லை. தடித்துத் தோன்றுவது வெட்டுப்பட்ட நுனிதான்.

வேண்டுதல் உங்களுக்கும் முருகனுக்கும் நடுவில் உள்ளது, அதில் நான் நுழைய மாட்டேன். ஒரே ஒரு கோரிக்கை: மலையேறும் முன் என்னிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். மொட்டையோடு வந்தால் ஆச்சரியக்குறி முடியும் போயிருக்கும், ஒடிந்த முடியும் போயிருக்கும்; பூஞ்சையா புழுவெட்டா என்று சொல்ல எனக்குத் துப்பே இருக்காது. மொட்டைக்குப் பிறகு எல்லா முடியும் ஒரே உயரத்தில் வளர்வதால் சொட்டை கொஞ்ச நாள் கண்ணுக்கு உறுத்தாது என்பதும் உண்மை. அந்த ஆறுதலுக்காகவே போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு, நான் தடுப்பதில்லை. இந்த உயரத்து வெயிலில் வெறுந்தலை சீக்கிரம் கருகும். குல்லாவைக் கழற்ற வேண்டாம்.

"ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுக்க வேண்டுமா? கவலையால் வந்ததா?"

தைராய்டுக்கு ஒரு பரிசோதனை எடுத்துக்கொள்ளலாம். இந்த நோயோடு தைராய்டுக் கோளாறும் வெண்புள்ளியும் சேர்ந்து வருவது உண்டு. அதற்கு மேல் நீளமான பட்டியல் எழுதினால் செலவுதான்.

கவலைக்குப் பிறகு வந்ததாகச் சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். எந்தக் கவலையும் இல்லாதவர்களுக்கும் வருகிறது. "நீ யோசித்து யோசித்து வரவழைத்துக்கொண்டாய்" என்று மருமகளிடம் சொல்லும் மாமியார்களை மட்டும் அறைக்கு வெளியே உட்காரச் சொல்லிவிடுவேன்.

"என் தங்கைக்குப் பாதித் தலைக்கு மேல் போய்விட்டது. ஊசி போட இடமே இல்லை. புதிதாக மாத்திரை வந்திருக்கிறதாமே?"

வந்திருக்கிறது. ஜேக் தடுப்பு மருந்துகள் என்று சொல்வார்கள். வெள்ளையணுக்களுக்குத் தாக்கச் சொல்லும் செய்தி எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியை அடைப்பவை. பாரிசிட்டினிப் என்ற மாத்திரையைக் கடுமையான புழுவெட்டுக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022 ஜூனில் அனுமதித்தது. 2023-இல் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ரிட்லெசிட்டினிப். பாரிசிட்டினிப் 4 மில்லிகிராம் அளவில் எடுத்தவர்களில், 36 வாரத்தில் தலையின் ஐந்தில் நான்கு பங்கிலாவது முடி நிறைந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 35 முதல் 39 பேர். முன்பு கைவிரித்த நிலைக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால் மீதி அறுபது பேரையும் மறக்கக் கூடாது.

தொடங்கும் முன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் இது சடங்குக்காகச் செய்யும் பரிசோதனை இல்லை. எதிர்ப்புச் சக்தி தணியும்போது உறங்கிக் கிடக்கும் காசநோய் எழுந்துவிடும். ஈரல், கொழுப்பு, ரத்த அணுக்கள் எல்லாவற்றையும் இடையிடையே பார்க்க வேண்டும். நிறுத்தினால் பலருக்கு மறுபடி உதிர்கிறது. எனவே எத்தனை வருடம், எவ்வளவு செலவு என்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுத் தொடங்குங்கள். இதற்கு மட்டும் மலை இறங்கி, மதுரையில் பெரிய மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகச் சொல்லிக் கடிதம் தருவேன்.

வெறும் ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் கொடுத்து முடி வரவைப்பது எளிது. நிறுத்தியதும் போய்விடும், அதற்குள் முகம் உப்பி, சர்க்கரை ஏறியிருக்கும்.

"வந்த முடி நிற்குமா? மறுபடி வருமா?"

மறுபடி வருவதுதான் அதிகம். அடுத்த வருடமா, பத்து வருடம் கழித்தா என்று யாராலும் சொல்ல முடியாது. ஊசி அந்தந்தச் சொட்டையைத்தான் சரிசெய்கிறது. அடுத்த சொட்டையைத் தடுக்காது.

அந்தப் பூண்டு விவசாயி இந்த ஆனி மாதம் மறுபடி வந்தார். தாடியில், மோவாய்க்குக் கீழே, சுண்டுவிரல் நகம் அளவில். அவரே நாணயம் வைத்துப் படம் எடுத்து வந்திருந்தார், மூன்று படம், இரண்டு வார இடைவெளியில். மூன்றிலும் ஒரே அளவு. ஓரத்தை லென்ஸில் பார்த்தேன், ஆச்சரியக்குறி முடி ஒன்றும் இல்லை. ஊசி போடவில்லை. போகும்போது ஒரு பை பூண்டு வைத்துவிட்டுப் போனார்; ரசத்துக்கு என்று அவரே சொன்னார்.